பைகார்பனேட் கூடியிருந்தால் பழைய சிஓ2 என்று விட்டுவிடலாமா?

இரவுப்பணி · மார்ச் 5, காலை 9:10

64 வயது ஆண். பல வருடங்களாக சிஓபிடி. இரண்டு நாளாகச் சளியும் இளைப்பும் கூடி, நேற்று இரவு வார்டுக்கு வந்தார். விரலில் மாட்டும் மீட்டர் 81 காட்டியதால் முகமூடியில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். நான் ஷிப்டுக்கு வந்தபோது மீட்டர் 98 காட்டியது. ஆனால் ஆள் தூங்கி வழிந்தார். தட்டினால் கண் திறப்பார், ஒரு வார்த்தை குழறுவார், மறுபடி தூக்கம். அப்போது எடுத்த ஏபிஜி:

```
pH     7.28
PaCO2  72
PaO2   104
HCO3   23
```

பணியில் இருந்த மருத்துவர், "இவருக்கு எப்பவுமே சிஓ2 அதிகம்தான், உடம்பு பழகியிருக்கும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை, மேலே இருப்பவரைக் கூப்பிட்டேன். நோயாளி இப்போது பரவாயில்லை, அதை அப்புறம் சொல்கிறேன். என் கேள்வி இதுதான். இந்த எண்களை மட்டும் வைத்து, இது பழைய சிஓ2வா, நேற்று ஏறியதா என்று எப்படிப் பிரிப்பது?

பயிற்சிமருத்துவன் · மார்ச் 5, காலை 9:42

பிஎச் குறைவு, சிஓ2 அதிகம், ஆக ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸ். பைகார்பனேட் 23, அதாவது நார்மல். சிறுநீரகம் இன்னும் வேலையே தொடங்கவில்லை. அதனால் இது முழுக்கப் புதிது. பழகிய உடம்பு என்று அவர் சொன்னது தவறு.

மணிக்கட்டு · மார்ச் 5, மதியம் 1:05

தம்பி, அவசரப்படாதே. அந்த மூன்று எண்களும் ஒரே ரத்தத்தில் சேர்ந்து இருக்கவே முடியாது. இதைச் சோதிக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஏபிஜி தாளை எடுத்தால் நான் முதலில் செய்வது அதைத்தான்:

```
H+ = 24 × PaCO2 ÷ HCO3
```

இங்கே 24 × 72 ÷ 23 = 75. பிஎச் 7.40 என்றால் ஹைட்ரஜன் அயனி 40 இருக்கும். 7.30க்கு 50, 7.20க்கு 63, 7.10க்கு 79. ஆக 75 என்பது 7.12 பக்கத்தில் வரும். தாளில் 7.28 இருக்கிறது. இந்த மெஷின் பிஎச்சையும் சிஓ2வையும்தான் அளக்கிறது. பைகார்பனேட்டை அந்த இரண்டிலிருந்து கணக்குப் போட்டு எழுதுகிறது. அதனால் மெஷின் தாளிலேயே இப்படி ஒரு முரண் வர வழியில்லை. சிஸ்டர், எங்கோ எழுதும்போது பிசகியிருக்கிறது. தாளை மறுபடி பாருங்கள்.

இரவுப்பணி · மார்ச் 5, மதியம் 2:30

தூங்கி எழுந்து பார்த்தேன். என் நோட்டில் 3ஐ 2 மாதிரி எழுதியிருக்கிறேன். வார்டுக்குப் போன் செய்து தாளைப் படிக்கச் சொன்னேன். பைகார்பனேட் 33. மற்றதெல்லாம் சரி. 24 × 72 ÷ 33 = 52, அதாவது 7.28. இப்போது பொருந்துகிறது.

ஒரு எண் மாறியதும் கதையே மாறிவிட்டது. அந்த 23ஐ நம்பி இவ்வளவு நேரம் யோசித்திருக்கிறேன்.

பயிற்சிமருத்துவன் · மார்ச் 5, மதியம் 2:51

அப்படியென்றால் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 33 என்றால் சிறுநீரகம் நன்றாகவே பைகார்பனேட்டைச் சேர்த்து வைத்திருக்கிறது. இது ஈடுகட்டிய அசிடோசிஸ். அந்த மருத்துவர் சொன்னதுதான் சரி, பழைய சிஓ2.

ஆய்வகத்துக்காரன் · மார்ச் 5, மாலை 4:15

எண்ணை அலசும் முன் ரத்தத்தையும் கொஞ்சம் விசாரியுங்கள். எடுத்ததிலிருந்து மெஷினில் ஏற்றும் வரை எவ்வளவு நேரம் ஆனது? சிரிஞ்சில் குமிழி இருந்ததா? ரத்தத்தில் இருக்கும் செல்கள் சிரிஞ்சுக்குள்ளேயும் உயிரோடுதான் இருக்கும். ஆக்சிஜனைத் தின்று சிஓ2வை விட்டுக்கொண்டே இருக்கும். முக்கால் மணி நேரம் மேஜையில் கிடந்த சிரிஞ்சு சிஓ2வைக் கூட்டியும் பிஎச்சைக் குறைத்தும் காட்டும். குமிழி இருந்தால் சிஓ2 வெளியே போய் குறைவாகத் தெரியும். ஆக்சிஜன் அளவு சாதாரணக் காற்றில் இருக்கும் அளவை நோக்கி நகரும்.

எனக்கு வரும் சிரிஞ்சுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு திரவ ஹெப்பாரினை மிச்சம் விடுவதுதான். அது ரத்தத்தை நீர்க்கச் செய்து சிஓ2வையும் பைகார்பனேட்டையும் சேர்த்தே இறக்கிவிடும். பார்ப்பவருக்கு நோயாளி வேகமாக மூச்சு வாங்குவது போலத் தோன்றும்.

இரவுப்பணி · மார்ச் 5, மாலை 4:40

ஹெப்பாரின் உலர்வாகப் பூசி வரும் சிரிஞ்சு. குமிழியை உடனே தள்ளிவிட்டு மூடினேன். நானே கையில் எடுத்துக்கொண்டு போனேன், 10 நிமிடத்துக்குள் ஏற்றியாயிற்று.

மணிக்கட்டு · மார்ச் 5, இரவு 9:20

சரி, ரத்தம் நம்பகமானது, எண்களும் பொருந்துகின்றன. இப்போதுதான் கேள்விக்கே வருகிறோம்.

தம்பி, நீ இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் வழுக்கினாய். பைகார்பனேட் நார்மலா, அதிகமா என்று மட்டும் பார்த்தாய். கேட்க வேண்டியது வேறு. இந்த சிஓ2வுக்கு எவ்வளவு பைகார்பனேட் இருந்திருக்க வேண்டும்?

சிஓ2வை 40 என்றும் பைகார்பனேட்டை 24 என்றும் வைத்துத் தொடங்கு. சிஓ2 ஏறிய சில நிமிடங்களிலேயே ரத்தத்திலும் செல்லுக்குள்ளும் இருக்கும் புரதங்கள் அமிலத்தின் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சிஓ2 ஒவ்வொரு 10 ஏறும்போதும் பைகார்பனேட் வெறும் 1 ஏறும். இது புதிய நிலை. சிறுநீரகம் முழு வேகத்துக்கு வர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதன் பிறகு ஒவ்வொரு 10க்கும் ஏறக்குறைய 4 ஏறியிருக்கும். மூன்றரை என்றும் சொல்வார்கள், அந்த வித்தியாசத்துக்காக நான் சண்டை போட மாட்டேன்.

இவருக்கு சிஓ2 32 கூடியிருக்கிறது. முழுக்கப் புதிது என்றால் பைகார்பனேட் 24 + 3, அதாவது 27 இருக்கும். முழுக்கப் பழையது என்றால் 35இலிருந்து 37. இருப்பது 33. இரண்டுக்கும் நடுவில். பழைய நோயின் மேல் புதிதாக ஏதோ ஏறியிருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். "பழகிய உடம்பு" என்பது பாதி உண்மை. அந்தப் பாதியை முழுசாக எடுத்துக்கொண்டால் ஆள் கையை விட்டுப் போய்விடுவார்.

"ஈடுகட்டிய" என்ற சொல்லிலும் ஜாக்கிரதை. பைகார்பனேட் சேர்ந்திருக்கிறது, அது சரி. ஆனால் பிஎச் 7.28. உண்மையிலேயே பழகிய உடம்பில் பிஎச் 7.35க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

பயிற்சிமருத்துவன் · மார்ச் 5, இரவு 9:48

நடுவில் இருந்தால் எப்போதும் பழசும் புதுசும் கலந்ததுதானா?

மணிக்கட்டு · மார்ச் 5, இரவு 10:15

இல்லை. நல்ல கேள்வி, மேலே நான் அதைச் சொல்லாமல் விட்டது பிசகு.

இதே 33 இன்னும் இரண்டு வழியில் வரலாம். முழுக்கப் பழைய ஆசாமியாக இருந்து, 37 இருந்த பைகார்பனேட்டை லாக்டிக் அமிலமோ சிறுநீரகக் கோளாறோ கீழே இறக்கியிருக்கலாம். அல்லது நேற்றுவரை சிஓ2 நார்மலாக இருந்து, வாந்தியோ சிறுநீர் அதிகம் போகும் மாத்திரையோ பைகார்பனேட்டை ஏற்கெனவே கூட்டி வைத்திருக்கலாம். தாளில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். இதைப் பிரிக்க நோயாளியின் கதையும் பழைய ஏபிஜியும் வேண்டும். சிஸ்டர், பழைய தாள் ஏதாவது கிடைக்குமா?

ஓயாதமூச்சு · மார்ச் 6, காலை 7:30

இதை இரவு முழுக்கப் படித்தேன். நான் மருத்துவத் துறை இல்லை, நோயாளியாக இருந்தவள். 36 வயது. போன வருடம் திடீரென்று மூச்சு வாங்கியது, விரல்கள் மரத்தன, உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போல இருந்தது. அவசரப் பிரிவில் பதற்றம் என்று சொல்லி ஒரு காகிதப் பையைக் கொடுத்து அதற்குள் மூச்சுவிடச் சொன்னார்கள். என் தாளை வைத்திருக்கிறேன். பிஎச் 7.49, சிஓ2 29, ஆக்சிஜன் 72, பைகார்பனேட் 22. எனக்கும் இந்த அசிடோசிஸ்தான் இருந்ததா? மறுநாள் ஸ்கேனில் நுரையீரலில் ரத்தக்கட்டி தெரிந்தது.

பயிற்சிமருத்துவன் · மார்ச் 6, காலை 8:05

உங்களுக்கு நேர் எதிரானது, ஆல்கலோசிஸ். வேகமாக மூச்சு விட்டதில் சிஓ2 வெளியே போய்விட்டது. பிஎச் ஏறும்போது கால்சியம் புரதத்தோடு அதிகமாக ஒட்டிக்கொள்ளும், தனியாகச் சுற்றும் கால்சியம் குறையும். மரத்துப்போவது அதனால்தான். மரப்பு இருந்ததால் பதற்றம் என்று நினைத்திருப்பார்கள்.

இங்கே கணக்கு போட்டுப் பார்த்தேன். சிஓ2 11 இறங்கியிருக்கிறது. புதிய ஆல்கலோசிஸில் 10 இறங்கினால் பைகார்பனேட் 2 இறங்கும், பல நாள் பழையதென்றால் 4 அல்லது 5. 24லிருந்து 2 போனால் 22. அப்படியே பொருந்துகிறது. புதிது, வேறு கலப்பு இல்லை.

மணிக்கட்டு · மார்ச் 6, மதியம் 12:50

தம்பி, கணக்கு துல்லியம். ஆனால் இந்தத் தாளில் முக்கியமான எண் பைகார்பனேட் இல்லை, 72.

அம்மா, அப்போது உங்களுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்களா, வெறும் காற்றா? வெறும் காற்று என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கடல்மட்டத்தில், நுரையீரலின் காற்றறைக்குள் எவ்வளவு ஆக்சிஜன் இருந்திருக்கும் என்பதற்கு 150லிருந்து சிஓ2வை 0.8ஆல் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும். 29 ÷ 0.8 = 36. ஆக காற்றறையில் 114. ரத்தத்தில் 72. இடையில் 42 காணாமல் போயிருக்கிறது. வயதை நான்கால் வகுத்து 4 கூட்டினால் அந்த வயதுக்கு இருக்கக்கூடிய இடைவெளி வரும். 36க்கு அது 13.

பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுபவருக்கு சிஓ2 குறையும்போது ஆக்சிஜன் நார்மலைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 105, 110 என்று. 72 என்றால் நுரையீரலில் ஏதோ இருக்கிறது, அதனால்தான் அவர் வேகமாக மூச்சு விடுகிறார். ஆல்கலோசிஸ் தாளில் இந்த ஒரு கழித்தலைச் செய்யாமல் யாரையும் பதற்றம் என்று வீட்டுக்கு அனுப்பக்கூடாது. காகிதப் பை ஏற்கெனவே குறைவாக இருந்த ஆக்சிஜனை இன்னும் குறைத்திருக்கும். அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இடைவெளி நார்மலாக இருந்தாலும் ரத்தக்கட்டி இல்லை என்று முடிவு செய்ய முடியாது. கூடுதலாக இருந்தால் தேடியே ஆக வேண்டும், நார்மலாக இருந்தால் மற்ற அறிகுறிகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

ஓயாதமூச்சு · மார்ச் 6, மதியம் 1:30

வெறும் காற்றுதான். மீட்டரில் 95 காட்டுகிறது, பயப்படாதீர்கள் என்றார்கள். அந்த 95ஐ வைத்துத்தான் எல்லோரும் என்னைச் சமாதானப்படுத்தினார்கள்.

மணிக்கட்டு · மார்ச் 6, மதியம் 1:55

அந்த மீட்டருக்கு சிஓ2 தெரியாது. நீங்கள் எவ்வளவு சிரமப்பட்டு மூச்சு விட்டு அந்த 95ஐப் பிடித்து வைத்திருந்தீர்கள் என்பதும் தெரியாது. சிஸ்டரின் நோயாளிக்கு மீட்டர் 98 காட்டும்போது சிஓ2 72. இரண்டு பேருக்கும் ஒரே மீட்டர்தான் கண்ணை மறைத்தது.

இரவுப்பணி · மார்ச் 6, இரவு 11:35

பழைய தாள் கிடைத்துவிட்டது. நாலு மாதத்துக்கு முன் அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தபோது வெளிநோயாளி பிரிவில் எடுத்தது. அவர் மகள் வீட்டிலிருந்து கோப்போடு கொண்டு வந்தார்.

```
pH     7.37
PaCO2  56
HCO3   31
```

நானே போட்டுப் பார்த்தேன். சிஓ2 40ஐவிட 16 அதிகம். பழைய நிலைக் கணக்கில் 10க்கு 4 என்றால் பைகார்பனேட் 30 வரவேண்டும், இருப்பது 31. ஆக 56 என்பது அவருடைய வழக்கமான சிஓ2. அங்கிருந்து 72க்கு ஏறியது இன்னொரு 16. இது புதிது என்றால் 10க்கு 1, அதாவது ஒன்றரை கூட வேண்டும். 31 + 1.5 = 32.5. தாளில் 33.

எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு தொடக்கத்தை 40 என்று வைத்துத் திணறினேன். அவருடைய தொடக்கம் 56.

மணிக்கட்டு · மார்ச் 7, காலை 6:40

இதைவிடச் சுத்தமாக யாரும் போட முடியாது. லாக்டிக் அமிலக் கதை இதோடு அநேகமாக முடிந்தது, அது இருந்திருந்தால் பைகார்பனேட் 31ஐவிட இறங்கியிருக்கும். அவர் கால் வீக்கத்துக்கு மாத்திரை எடுக்கிறாரா?

இரவுப்பணி · மார்ச் 7, காலை 7:15

எடுக்கிறார். ஃபுரோசமைட், தினமும் ஒன்று.

மணிக்கட்டு · மார்ச் 7, காலை 7:50

அப்படியானால் அந்த 31ல் ஒரு பங்கு மாத்திரையால் வந்ததாகவும் இருக்கலாம். குளோரைடைப் பார்த்துப் பிரிக்கலாமே என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் குளோரைடு குறையும். இங்கே 1 தான் வித்தியாசம், அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். இதை நான் முடிந்ததாக எழுத மாட்டேன்.

பயிற்சிமருத்துவன் · மார்ச் 7, காலை 10:20

அந்த 16 ஏறியது எதனால்? ஆக்சிஜன் அதிகம் கொடுத்ததில் மூச்சு விட வேண்டும் என்ற தூண்டுதலே போய்விட்டது என்றுதான் படித்தோம். ஆக்சிஜனை அப்படியே நிறுத்தியிருக்க வேண்டும் இல்லையா?

மணிக்கட்டு · மார்ச் 7, மதியம் 1:10

நிறுத்தவே கூடாது. ஆக்சிஜனைத் திடீரென்று எடுத்தால், உள்ளே தேங்கிய சிஓ2 காற்றறையில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, ஆக்சிஜன் அவர் வந்தபோது இருந்ததைவிடவும் கீழே போய்விடும். மெதுவாகக் குறைத்து 88 முதல் 92க்குள் நிறுத்த வேண்டும்.

தூண்டுதல் கொஞ்சம் குறைவது உண்மைதான். ஆனால் அது முழுக் காரணம் இல்லை, பெரிய பங்கும் இல்லை. காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தம் போகாமல் நுரையீரல் தானாகவே குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். ஆக்சிஜன் நிறையப் போனதும் அந்தச் சுருக்கம் தளர்ந்து, சிஓ2வை வெளியேற்ற முடியாத இடங்களுக்கே ரத்தம் போய்ச் சேரும். கூடவே, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் தன்னிடம் இருந்த சிஓ2வை இறக்கிவிடும். இவ்வளவும் நடக்கும்போது அவர் மூச்சு எண்ணிக்கை பார்வைக்குக் குறையாமலே இருக்கலாம். அதனால் மூச்சை எண்ணி மட்டும் நிம்மதி அடையாதே.

இவருக்கு எவ்வளவு ஆக்சிஜனால் ஏறியது, எவ்வளவு சளித்தொற்றால் ஏறியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வந்தவுடன் ஒரு ஏபிஜி எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆய்வகத்துக்காரன் · மார்ச் 7, மாலை 5:30

வந்தவுடன் மணிக்கட்டில் குத்துவது எல்லோருக்கும் நடக்காது. சிரை ரத்தம் போதாதா? எங்களிடம் பாதிக்கு மேல் இப்போது அதுதான் வருகிறது.

மணிக்கட்டு · மார்ச் 7, இரவு 8:05

சிரை ரத்தத்தில் சிஓ2 45க்குக் கீழே இருந்தால் தமனியிலும் ஏறவில்லை என்று நம்பிப் போகலாம். பிஎச்சும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், சற்றுக் குறைவாக. ஆனால் சிரையில் 72 என்று வந்தால் தமனியில் எவ்வளவு என்பதற்கு நான் பந்தயம் கட்ட மாட்டேன், ஆளுக்கு ஆள் மாறும். சிகிச்சையை மாற்றும் முடிவுக்கு நான் தமனி ரத்தம்தான் கேட்பேன். என்னோடு வேலை செய்பவர்களில் பலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. பிஎச் எந்தப் பக்கம் போகிறது என்று சிரையில் பார்த்தாலே போதும், நோயாளிக்கு வலியும் மிச்சம் என்கிறார்கள். வலியைப் பற்றி அவர்கள் சொல்வது சரிதான்.

இரவுப்பணி · மார்ச் 8, காலை 9:30

அன்று இரவு மிச்சம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மேலே இருந்தவர் வந்து ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்தார், மீட்டர் 90ல் நின்றது. பைபாப் முகமூடி மாட்டினோம். முதல் கால் மணி நேரம் கழற்றிக் கழற்றிப் போட்டார், நான் கையால் பிடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த தாளில் பிஎச் 7.33, சிஓ2 63, பைகார்பனேட் 32. அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

ஒரு சந்தேகம். பைபாப்பில் அழுத்தத்தைக் கூட்டி சிஓ2வை 40க்குக் கொண்டு வந்துவிடலாமே என்று மறுநாள் பகல் ஷிப்டில் ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய தாள் அப்போது யாரிடமும் இல்லை.

மணிக்கட்டு · மார்ச் 8, மதியம் 12:25

40க்கு இழுத்தால் என்ன ஆகும் என்று அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். பைகார்பனேட் அவ்வளவு சீக்கிரம் இறங்காது, 32லேயே நிற்கும். 24 × 40 ÷ 32 = 30, அதாவது பிஎச் 7.52. அசிடோசிஸில் இருந்தவரை ஒரே இரவில் ஆல்கலோசிஸில் தள்ளியிருப்போம். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நடந்துவிடும். இதயத்துடிப்பு தாறுமாறாகும், வலிப்புகூட வரும். அதோடு, சில நாள் 40லேயே வைத்திருந்தால் சிறுநீரகம் சேர்த்த பைகார்பனேட்டைக் கொட்டிவிடும். அப்புறம் இயந்திரத்தை எடுத்ததும் அவர் பழைய 56க்குத் திரும்புவார், இந்த முறை தாங்கிக்கொள்ள பைகார்பனேட் இருக்காது.

பிஎச்சைக் குறிவையுங்கள். அது 7.35ஐத் தாண்டிவிட்டால் சிஓ2 அவருடைய 56 பக்கத்தில் எங்கே நின்றாலும் சரி.

பயிற்சிமருத்துவன் · மார்ச் 8, மாலை 6:40

இன்று ஆஸ்துமாவோடு வந்த 22 வயதுப் பையனின் தாளைப் பார்த்தேன். பிஎச் 7.39, சிஓ2 41. போன வாரம் என்றால் நார்மல் என்று எழுதியிருப்பேன். நிமிடத்துக்கு 34 மூச்சு விடுகிறான். அந்த வேகத்துக்கு 28, 30 இருக்க வேண்டிய சிஓ2 41 இருக்கிறது என்றால் களைத்துப்போகிறான் என்று நினைத்து உடனே சீனியரைக் கூப்பிட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

மணிக்கட்டு · மார்ச் 8, இரவு 9:10

சரியாகச் செய்தாய் தம்பி. அடுத்த தாளில் எவ்வளவு வந்தது என்று எழுது.

இரவுப்பணி · மார்ச் 11, காலை 8:45

64 வயதுக்காரர் நேற்று வீட்டுக்குப் போனார். போகும் முன், ஆக்சிஜன் இல்லாமல் எடுத்த தாள்: பிஎச் 7.38, சிஓ2 55, பைகார்பனேட் 32. ஒரு சின்ன அட்டையில் "இவருடைய வழக்கமான சிஓ2 55–56, ஆக்சிஜன் 88–92க்குள்" என்று எழுதி, மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி, மகளிடம் கொடுத்தேன். அதை அவர் அப்பாவின் சட்டைப் பையிலேயே வைத்துப் பட்டனைப் போட்டுவிட்டார்.